ஓவனுக்கு ஒரு விலை, பெயருக்கு ஒரு விலை: மருமகனுக்கு எழுதிய கடிதம்

என் அக்கா மகன் கோத்தகிரியில் ஒரு பேக்கரியை நடப்பில் இருக்கிறபடியே வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறான். விற்பவர் கொடுத்த பேலன்ஸ் ஷீட்டை எனக்கு அனுப்பி இரண்டு கேள்வி கேட்டிருந்தான். நான் குன்னூரில் நெடுநாளாகப் பேக்கரி நடத்துகிறவன். அவனுக்கு எழுதிய பதிலை, கடையை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் எடுத்துவிட்டு, இங்கே போடுகிறேன். கடை வாங்க நினைக்கும் வேறு யாருக்காவது உதவட்டும்.

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய மூன்று வருடக் கணக்கையும் ராத்திரி கடை அடைத்தபிறகு உட்கார்ந்து பார்த்தேன். நீ கேட்டது இரண்டு. "ஆறு லட்சம் ரூபாய் ஓவன் நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் மூன்று லட்சத்துச் சொச்சம் என்று போட்டிருக்கிறார்கள்?" இது ஒன்று. "குட்வில்லுக்கு மட்டும் பத்து லட்சம் கிட்டக் கேட்கிறார், ஆனால் அவருடைய பேலன்ஸ் ஷீட்டில் குட்வில் என்று ஒரு வரிகூட இல்லையே, இல்லாத சொத்தை எப்படி விற்கிறார்?" இது இன்னொன்று. குட்வில் என்றால் கடை சம்பாதித்து வைத்திருக்கும் நல்ல பெயர். இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். இன்றைக்கு எது எவ்வளவு பெறும் என்பதை பேலன்ஸ் ஷீட் சொல்வதில்லை. எதற்கு எவ்வளவு பணம் போட்டோம், அதில் இன்னும் செலவாக எழுதாமல் மிச்சம் எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

முதலில் ஓவன். அவர் அதை 2021 ஏப்ரலில் ஆறு லட்சத்துக்கு வாங்கியிருக்கிறார். அந்தப் பணம் கையை விட்டு அன்றைக்கே போய்விட்டது. ஆனால் ஆறு லட்சத்தையும் அந்த ஒரு வருடத்தின் செலவு என்று எழுதினால் அந்த வருடம் பெரிய நஷ்டம் காட்டும், அடுத்த வருடங்களில் ஓவன் இலவசமாக வேலை செய்ததுபோல லாபம் பொங்கும். இரண்டுமே பொய். பல வருட வாடகையை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு வருடமும் அந்த வருடத்துப் பங்கைக் கழித்துக்கொள்வது மாதிரிதான் தேய்மானம். வருமானவரிக் கணக்கில் இயந்திரங்களுக்குப் பொதுவாக 15 சதவீதம். ஒவ்வொரு வருடமும் முதல் விலையில் 15 சதவீதம் இல்லை, மிச்சமிருக்கும் மதிப்பில் 15 சதவீதம். முதல் வருடம் 90,000 கழிந்து 5,10,000. இரண்டாவது வருடம் 76,500 போய் 4,33,500. அப்புறம் 65,025, அதற்கடுத்து 55,271. 2025 மார்ச் 31 அன்று நிற்பது 3,13,204. நீ பார்த்த எண் இதுதான். அது ஓவனின் விலை இல்லை, இன்னும் செலவாக எழுத வேண்டிய பாக்கி. ஓவன் அதைவிட அதிகம் பெறலாம், குறைவாகவும் பெறலாம்.

அப்படியே கீழே இருக்கும் வரியைப் பார். ஷோகேஸ், ரேக், மேஜை எல்லாம் சேர்த்து ஃபர்னிச்சர். இதற்கு 10 சதவீதம்தான். இரண்டு லட்சம் போட்டது நான்கு வருடத்தில் 1,31,220 ஆகியிருக்கிறது. கணக்குப்படி ஓவனைவிட ஃபர்னிச்சர் மெதுவாகத் தேய்கிறது. நம் ஊரில் நடப்பது நேர் தலைகீழ். போன வாரம் கோத்தகிரி போனபோது அந்தக் கடைக்குள்ளும் போய்ப் பார்த்தேன். ஷோகேஸின் பின்பக்க ப்ளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. மழைக்காலம் முழுக்கப் பனிமூட்டத்தின் ஈரம் ஒரு பக்கம், ஓவன் சூடு மறுபக்கம். பலகை உப்பி, லேமினேட் ஓரம் பிரிந்து நிற்கிறது. கீழ்த்தட்டின் இரும்புச் சட்டம் துருவேறிப் பொரிந்துவிட்டது. அது இன்றைக்கு அறுபதாயிரம்கூடத் தாராளம். 10 சதவீதம் என்பது நாடு முழுக்க ஒரே விகிதம். சென்னைக் கடைக்கும் கோத்தகிரிக் கடைக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை.

ஓவன் கதை வேறு. கடைக்காரரிடமே ஒருமுறை குளிர்ந்த நிலையிலிருந்து பற்றவைக்கச் சொன்னேன். பர்னர் முதல் தடவையிலேயே பிடித்தது, கரும்புகை இல்லை. கதவு ரப்பர் இறுகி உட்காருகிறது. ஒரு ரேக் முழுக்க வர்க்கி வைத்து எடுத்ததில் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே நிறத்தில் வந்தன. உள்ளே வெப்பம் கடத்தும் தகடுகள் ஓட்டையாகியிருந்தால் டீசல் வாடை ரொட்டியில் ஏறிவிடும். அதுவும் இல்லை. பழைய ஓவன் வாங்கி விற்கும் கோயம்புத்தூர் ஆள் ஒருவரிடம் விசாரித்தேன், இந்த நிலையில் 3,80,000 வரை போகும் என்கிறார். பில்லிங் கம்ப்யூட்டர் ஐம்பதாயிரத்துக்கு வாங்கியது, 40 சதவீதத் தேய்மானத்தில் 6,480 ஆகிவிட்டது. அதை ஐயாயிரம் என்று வைத்துக்கொள்.

இப்போது இரண்டு கணக்கையும் கூட்டிப் பார். அவருடைய புத்தகத்தில் ஓவன், ஃபர்னிச்சர், கம்ப்யூட்டர் மூன்றும் சேர்ந்து 4,50,904. என் கண்ணுக்கு 3,80,000 கூட்டல் 60,000 கூட்டல் 5,000, ஆக 4,45,000. மொத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் உள்ளே எல்லாம் இடம் மாறியிருக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிடாதே. அடுத்த வருடமே ஷோகேஸ் மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவு உன்னுடையது.

இதோடு மாவு, வெண்ணெய், டால்டா, பேக்கிங் சரக்கு இருப்பு 80,000. கட்டிட உரிமையாளரிடம் இருக்கும் அட்வான்ஸ் 1,50,000. சரக்குக் கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கி 70,000, அதையும் நீதான் ஏற்கிறாய். ஆக நீ உண்மையில் கையில் வாங்கும் சொத்தின் நிகர மதிப்பு 6,05,000. அவர் கேட்பது பதினாறு லட்சம். மிச்சம் 9,95,000. அதுதான் குட்வில். ஒன்றைக் கவனி. குட்வில் என்பது கேட்ட விலையிலிருந்து அவருடைய புத்தக மதிப்பைக் கழித்து வருவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் இன்றைய நியாய விலையைப் போட்டு, அதன்பிறகு மிஞ்சுவதுதான்.

அவருடைய பேலன்ஸ் ஷீட்டில் ஏன் அது இல்லை என்றால், அவர் அதற்கென்று யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. விடிவதற்கு முன் வர்க்கி சுட்டு டீக்கடைகளுக்கு அனுப்பினார், கெட்ட வெண்ணெய் போடவில்லை, தீபாவளிக்கு முன்னாடி எடை குறைக்கவில்லை. இதெல்லாம் அந்தந்த வருடத்துக் கூலியாக, வெண்ணெயாக, டீசலாகச் செலவில் ஏறி முடிந்துவிட்டது. தானாக வளர்த்த நல்ல பெயரைச் சொத்தாக எழுதக்கூடாது என்பது கணக்கு விதி. எழுத அனுமதித்தால் ஆளாளுக்குத் தன் பெயருக்கு ஒரு விலை போட்டுக்கொள்வார்கள், கடன் கொடுக்கும் பேங்க் ஏமாறும். நீ பணம் கொடுத்து வாங்கியபிறகு அது உன் புத்தகத்தில் 9,95,000 என்று ஏறும், ஏனென்றால் இப்போது அதற்கு ஒரு விலை நடந்துவிட்டது. அதே கடை, அதே வர்க்கி. இன்று அவர் புத்தகத்தில் பூஜ்யம், நாளை உன் புத்தகத்தில் பத்து லட்சம். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் பத்து லட்சம் சரியா? இங்கேதான் தேய்மானமும் குட்வில்லும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. நீ கவனிக்காமல் விட்டதும் இதைத்தான்.

அவர் காட்டும் லாபம் 2022-23-இல் 8,20,000, அடுத்த வருடம் 8,40,000, போன வருடம் 8,60,000. "வருடத்துக்கு இருபதாயிரம் ஏறுகிறது பாருங்கள்" என்று உன்னிடம் சொன்னாராம். பொய் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தந்த வருடத் தேய்மானத்தைப் பார். மூன்று வகைச் சொத்துக்கும் சேர்த்து 2022-23-இல் 1,06,500. அடுத்த வருடம் 88,425. போன வருடம் 74,171. மிச்சமிருக்கும் மதிப்பில் சதவீதம் கழிப்பதால் தேய்மானம் வருடாவருடம் தானாகச் சுருங்கும். செலவு சுருங்கினால் லாபம் தானாக உப்பும். தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, அதற்கு முந்தைய லாபத்தைப் பார்த்தால் 9,26,500, அப்புறம் 9,28,425, அப்புறம் 9,34,171. இரண்டு வருடத்தில் ஏறியது எட்டாயிரத்துக்கும் குறைவு. வளர்ச்சி என்று அவர் காட்டிய நாற்பதாயிரத்தில் முப்பத்திரண்டாயிரம் ஓவனும் ஷோகேஸும் கம்ப்யூட்டரும் பழசானதால் வந்தது. வியாபாரம் அப்படியே நிற்கிறது. நிற்கிற வியாபாரம் மோசமில்லை, ஆனால் வளர்கிற வியாபாரத்துக்கான விலையை அதற்குக் கொடுக்கக்கூடாது.

கடை விற்க முடிவு செய்தவர்கள் கடைசி இரண்டு மூன்று வருடம் புது இயந்திரம் வாங்குவதில்லை. அதனால் விற்பனைக்கு வரும் எந்தக் கடையின் கணக்கிலும் இந்த உப்பல் இருக்கலாம். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. லாப நஷ்டக் கணக்கில் தேய்மானம் என்ற வரியை மட்டும் மூன்று வருடத்துக்கு வரிசையாக எழுதிப் பார்த்தால் போதும்.

சரி, குட்வில்லுக்கு நியாயமான தொகை எவ்வளவு? நம் பக்கத்து ஆடிட்டர்கள் போடும் வழி ஒன்று இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும். மூன்று வருடச் சராசரி லாபம் 8,40,000. இதில் முதலாளியின் சம்பளம் கழிக்கப்படவில்லை. அவரே மாஸ்டராக நின்று மாவு பார்க்கிறார், அவர் வீட்டம்மா கல்லாவில் உட்காருகிறார். நீ மாஸ்டர் வைத்தால் மாதம் 25,000, கவுண்டருக்கு ஆள் வைத்தால் 15,000. வருடத்துக்கு 4,80,000. அதைக் கழித்தால் 3,60,000. அப்புறம் நீ போடும் 6,05,000 ரூபாய் சொத்துக்கு ஒரு நியாயமான வருமானம் வேண்டும், 12 சதவீதம் என்று வைத்தால் 72,600. அதையும் கழித்தால் மிஞ்சுவது 2,87,400. சொத்தும் உழைப்பும் தங்கள் கூலியை எடுத்துக்கொண்டபிறகு கடையின் பெயர் மட்டும் வருடத்துக்குச் சம்பாதித்துத் தருவது இவ்வளவுதான். இப்படிப்பட்ட கடைக்கு இதுபோல் இரண்டு வருடத்தொகை கொடுக்கலாம், மிஞ்சிப்போனால் மூன்று. இரண்டென்றால் 5,74,800. மூன்றென்றால் 8,62,200. அவர் கேட்பது 9,95,000, அதாவது மூன்றரை வருடத்துக்கு ஒட்டி.

எத்தனை வருடத்தொகை என்பது, அந்தப் பெயர் யாரோடு ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்ப வருவார்கள் என்ற வாய்ப்புதான் குட்வில் என்று 1810-இலேயே இங்கிலாந்து நீதிபதி எல்டன் பிரபு ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைக்கு வருகிறவர்களை மூன்றாகப் பிரித்துப் பார்.

கவுண்டரில் வாங்கும் சுற்றுலாப் பயணி அந்தக் கடையைத் தேடி வருவதில்லை, சாலையோரம் வண்டி நிற்கும் இடத்தில் வாங்குகிறான். அவன் வருகை சீசனையும், மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸையும் பொறுத்தது. அதற்குப் பெயர் இடவசதி, அந்த இடம் வாடகைக்காரருடையதும் இல்லை. கட்டிட உரிமையாளர் உன் பெயருக்குப் புது ஒப்பந்தம் போட மறுத்தால் அது அன்றைக்கே போய்விடும். ஆகவே கட்டிட உரிமையாளரின் கையெழுத்து வராமல் குட்வில்லுக்கு ஒரு ரூபாய் நீட்டாதே. ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது. அதைக் காட்டியும் விலை ஏற்றுகிறார் என்று சொன்னாய். அந்தப் பெயர் இந்த மலையில் முறைப்படி செய்கிறவர்கள் எல்லோருக்கும் பொது. ஒருவர் இன்னொருவருக்கு விற்க அது அவருடைய தனிச்சொத்து இல்லை.

இரண்டாவது, மாஸ்டரின் கைப்பக்குவத்துக்காக வருகிறவர்கள். அந்த மாஸ்டர் இவரேதான். இவர் போனால் மாவின் புளிப்பும் மடிப்பும் மாறும், ஒரு மாதத்தில் நாக்கு கண்டுபிடித்துவிடும். இது அவரோடு போகிற பெயர்.

மூன்றாவதுதான் கனமான பகுதி. தினமும் வர்க்கியும் பன்னும் எடுக்கும் டீக்கடைகள், எஸ்டேட் கேன்டீன்கள், இரண்டு ஹோட்டல்கள். இவர்கள் நேரத்துக்குச் சரக்கு வருகிறதா, தரம் ஒரே மாதிரி இருக்கிறதா, வாரக்கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள். இந்தப் பழக்கம் கடையோடு தங்கும். அவருடைய பற்று நோட்டை வாங்கி, மூன்று வருடமாக விடாமல் எடுப்பவர்கள் யார் யார் என்று பெயர் பெயராகக் குறித்துக்கொள். மொத்த விற்பனையில் பாதிக்குமேல் அவர்களுடையது என்றால் மூன்று வருடத்தொகைக்குப் பக்கத்தில் போகலாம். கால்வாசிதான் என்றால் இரண்டையே தாண்டாதே.

வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதற்கு எவ்வளவு என்று பத்திரத்தில் விலையைப் பிரித்து எழுதும்போது இதுதான் சண்டையாகும். குட்வில்லுக்கும் தேய்மானம் உண்டு என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. சில வருடம் அப்படியே நடந்தது. 2021 நிதிச் சட்டம் அதை நிறுத்திவிட்டது. இப்போது நீ குட்வில்லுக்குக் கொடுக்கும் பணத்துக்கு வருடாவருடம் ஒரு பைசா தேய்மானம் வரியில் கிடைக்காது. நீ என்றைக்காவது கடையை விற்றால் அப்போது வாங்கிய விலையாகக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஓவனுக்குக் கொடுத்த 3,80,000-க்கோ முதல் வருடத்திலிருந்தே 15 சதவீதம் கிடைக்கும். அதனால் உனக்கு ஓவன் தொகை அதிகமாக இருந்தால் நல்லது. அவருக்கு நேர்மாறு. ஓவனைப் புத்தக மதிப்புக்கு மேல் விற்றால் வரும் லாபம் அவர் வருமானத்தோடு சேர்ந்து அவருடைய அடுக்கில் வரிக்கு வரும். நெடுநாளாக வளர்த்த குட்வில்லோ நீண்டகால மூலதன ஆதாயமாக 12.5 சதவீதத்தோடு முடியும். அவர் ஏன் குட்வில்லைப் பெரிதாக எழுதச் சொல்கிறார் என்பது இப்போது புரியும். கோபப்படாதே, அவரவர் பக்கம் அவரவருக்கு. ஆனால் பதிலுக்கு நீ ஓவனை ஆறு லட்சம் என்று எழுதச் சொல்லாதே. பழைய இயந்திரத்துக்கு விலையை ஏற்றி எழுதித் தேய்மானம் கேட்டால் வரி அதிகாரி அதை ஒதுக்கிவிட்டுத் தானே ஒரு விலையைப் போட முடியும். கோயம்புத்தூர் ஆளிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கித் தருகிறேன், அதை வைத்துப் பிரித்து எழுது.

அக்டோபர் 2-க்குள் கடையை எடுத்து ஓவனை உன் கணக்கில் ஓடவிட்டுவிடு. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்திய சொத்துக்குப் பாதித் தேய்மானம்தான். இரண்டாம் சீசனும் அப்போதுதான், இரண்டு வகையிலும் லாபம்.

தேய்மானம் புத்தகத்தில் ஏறுவதால் பேங்கில் பணம் சேர்ந்துவிடாது. இந்த ஓவன் இன்னும் ஏழெட்டு வருடம் ஓடலாம். அது நின்றுபோகும் நாளில் புதிதுக்கு ஏழு லட்சத்துக்கு மேல் வேண்டும். தேய்மானம் போக வந்த லாபம் முழுவதையும் வீட்டுக்கு எடுத்தாலும், தேய்மானத் தொகை கடைக்குள்ளே ரொக்கமாக நிற்க வேண்டும். ஆனால் அது மைதா மூட்டையாகவும் உதிரிக் கடனாகவும் கரைந்துவிடும். மாதம் ஏழாயிரம் தனியாக ஒரு கணக்கில் போட்டுவை. வரிக்கான தேய்மானம் குறைந்துகொண்டே போனாலும் இந்த ஏழாயிரத்தைக் குறைக்காதே.

ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் கட்டாயம் வேண்டும். நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி ஒருவரைத் தொழில் செய்யாதே என்று தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் குட்வில்லை விற்றவர், நியாயமான எல்லைக்குள், குறிப்பிட்ட பகுதியில் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் அது செல்லும். கோத்தகிரி டவுனும் அவர் இப்போது சரக்கு போடும் வழித்தடங்களும் என்று ஊர் பெயர் சொல்லி எழுது. நீலகிரி முழுக்க என்று எழுதினால் நீதிமன்றம் அது அதிகம் என்று சொல்லக்கூடும். இந்த வாசகம் இல்லாவிட்டால் அவர் அடுத்த தெருவில் சின்ன ஓவன் போட்டால் போதும், உன் புத்தகத்தில் இருக்கும் குட்வில் வெறும் எண்ணாகிவிடும்.

என் கணக்குப்படி சொத்தும் குட்வில்லும் சேர்த்து ஆரம்ப விலை பதினொன்றே முக்கால் லட்சம். பற்று நோட்டு நன்றாக இருந்தால் பதின்மூன்றரை வரை போ, பதினான்கரையைத் தொடாதே. அதில் இரண்டு லட்சத்தை நிறுத்திவைத்து, மொத்தக் கடைகள் ஆறு மாதம் விடாமல் எடுத்தபிறகு தருவதாகப் பேசு. அந்த ஆறு மாதமும் அவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து உன் மாஸ்டருக்கு மாவுப் பக்குவம் சொல்லித்தர வேண்டும் என்றும் கேள், ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். ஷோகேஸைத் தட்டிப் பார்த்ததை அவரிடம் நேரடியாகச் சொல், அதற்குச் சண்டை போடும் ஆள் இல்லை அவர். பற்று நோட்டு கையில் வந்ததும் எனக்கு போன் செய், நானே வந்து உட்கார்ந்து பார்க்கிறேன்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்.

உன் மாமா,
குன்னூர்